இயந்திர ஷட்டரும் மின்னணு ஷட்டரும்

கேமராவில் ஒளி விழும் நேரத்தை அளந்து விடும் அமைப்பு ஷட்டர் எனப்படும். துணி அல்லது உலோகத் திரைகளால் ஒளியை மறைத்துத் திறப்பது இயந்திர ஷட்டர். அசையும் பாகம் எதுவுமின்றி, உணரியே ஒளியைப் பதியத் தொடங்கி நிறுத்துவது மின்னணு ஷட்டர். பின்னது புதியது என்றாலும், அதன் பெயரில் சொல்லப்படும் குறைகள் நூறாண்டுக்கும் மேல் பழையவை.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஜாக் ஆன்றி லார்த்தீக் இளைஞராக இருந்தபோது எடுத்த பந்தயக் கார் படம் இதற்குச் சான்று. 1912 என நெடுங்காலம் குறிக்கப்பட்டுவந்த அப்படம், 1913-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் எடுக்கப்பட்டது எனப் பின்னர் கண்டறியப்பட்டது. அதில் காரின் சக்கரம் வட்டமாக இல்லை. முன்னோக்கிச் சாய்ந்த முட்டை வடிவில் இருக்கிறது. ஓரத்தில் நிற்கும் மக்களும் கம்பங்களும் எதிர்ப்புறம் சாய்ந்திருக்கின்றன.

அவரது கேமராவில் ஒரு குறுகிய பிளவு கண்ணாடித் தகட்டின் மேல் நகர்ந்து, படத்தைப் பகுதி பகுதியாகப் பதித்தது. சக்கரத்தின் அடிப்பகுதி முதலில் பதிந்தது. மேற்பகுதி பதிவதற்குள் கார் முன்னே சென்றுவிட்டது. லார்த்தீக் காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பியதால், நின்றிருந்தவை பின்னோக்கிச் சாய்ந்தன. இன்று ‘ரோலிங் ஷட்டர்’ கோளாறு எனப்படுவது இதுவேதான்.

இதில் இரண்டு நேரங்களைப் பிரித்தறிய வேண்டும். படத்தின் ஒரு புள்ளியில் ஒளி விழும் நேரம் ஒன்று. பிளவு ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பை அடையும் கடப்பு நேரம் மற்றொன்று. கேமராவில் 1/1000 என்று திருப்பி வைப்பது முதலாவதை மட்டுமே மாற்றும். குழப்பங்கள் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கின்றன.

பிற்கால உலோகத் திரைகள் ஏறத்தாழ 4 மில்லிநொடியில் படத்தைக் கடக்கின்றன. மின்னணு ஷட்டரிலோ உணரியின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்படுகின்றன. மெதுவான உணரி ஒன்றுக்கு முழுப் படத்தையும் படிக்க 1/20 நொடி, அதாவது 50 மில்லிநொடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் பேருந்து அந்நேரத்தில் சுமார் 83 செ.மீ. நகரும். படத்தின் உயரம் முழுவதையும் அது நிரப்பினால், கூரைக்கும் சக்கரத்துக்கும் இடையே அந்த அளவு சாய்வு விழும். இயந்திர ஷட்டரில் இது 7 செ.மீ.க்கும் குறைவு. மின்னணு ஷட்டரில் 1/32000 வைத்தாலும் சாய்வு குறையாது. விளிம்பு கூர்மையாகும், கோணல் அப்படியே நிற்கும்.

செயற்கை விளக்கொளியில் தோன்றும் பட்டைகளுக்கும் காரணம் அதுவே. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல குழல் விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/20 நொடிக்குள் இது 5 முறை நிகழ்வதால், 1/1000 வேகத்தில் எடுத்த படத்தில் 5 பட்டைகள் விழும். பட்டைகளை எண்ணினாலே உணரியின் கடப்பு நேரம் தெரிந்துவிடும்! வேகத்தை 1/100 ஆக்கினால் ஒவ்வொரு வரியும் ஒரு முழு ஏற்ற இறக்கத்தைப் பெறும், பட்டை மறையும். ஒளி குறைத்து எரியும் சில எல்.இ.டி. விளக்குகளின் துடிப்பு வேறு என்பதால், அங்கு இந்த உபாயம் எப்போதும் பலிக்காது. இயந்திர ஷட்டரில் பட்டைகள் அடுக்காக விழுவதில்லை. படத்தின் ஒரு பக்கம் மங்கும், அல்லது படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும்.

பிளாஷ் மிகக் குறுகிய கணமே எரிவது. அக்கணத்தில் படம் முழுதும் திறந்திருக்க வேண்டும். பல இயந்திர ஷட்டர்களில் 1/250 வரையே அது இயலும். அதற்கு மேல் இரண்டாம் திரை முன்னதாகவே புறப்பட்டு ஒரு பகுதியை மறைத்துவிடும். மேற்சொன்ன மெதுவான உணரியில் 1/100 வைத்தால், எந்தக் கணத்திலும் ஐந்தில் ஒரு பங்கு வரிகளே ஒளியை ஏற்கும். பிளாஷ் அந்தப் பங்கில் மட்டும் கீற்றாக விழும். ஆகவே பல கேமராக்கள் மின்னணு ஷட்டரில் பிளாஷை எரியவே விடுவதில்லை.

முன்னேற்றம் நேர்கோட்டில் நடக்கவில்லை என்பது வியப்பு. 2004-இல் வந்த நிக்கான் டி70, சி.சி.டி. உணரியின் உதவியால் 1/500 வரை பிளாஷை அனுமதித்தது. அதன் உணரி எல்லாப் புள்ளிகளையும் ஒரே கணத்தில் நிறுத்தவல்லது. பின்னர் பரவிய சிமாஸ் உணரிகள் வரிவரியாகவே படித்ததால் அவ்வசதி போயிற்று. 2021-இல் வந்த நிக்கான் இசட்9, படிக்கும் வேகத்தைத் திரைகளின் வேகத்துக்கு அருகே கொண்டுவந்து, இயந்திர ஷட்டரையே கைவிட்டது. அதில் பிளாஷ் 1/200 வரை வழக்கம்போல் இயங்குகிறது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III, முழுச்சட்ட உணரியின் எல்லா வரிகளையும் ஒருசேரப் பதிக்கிறது. சாய்வும், படத்துக்குள் விழும் பட்டையும் அதில் இல்லை. 1/80000 வரை பிளாஷும் இசைகிறது. ஆனால் மின்னும் விளக்கின்கீழ் அடுத்தடுத்த படங்கள் வெளிச்சத்தில் வேறுபடலாம். வழக்கமாக 100 ஆக இருக்கும் அடிப்படை ஐ.எஸ்.ஓ. அதில் 250.