அமேசான் கருமண்ணும் உயிர்க்கரிக் கோட்பாடும்: ஒரு வரலாற்று மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்
கரியை மண்ணில் இட்டால் விளைச்சல் பெருகும், வளிமண்டலக் கரிமமும் நெடுங்காலம் மண்ணில் தங்கும் என்னும் கருத்து அமேசான் படுகையின் கருமண்ணைச் சான்றாகக் கொண்டு எழுந்தது. அச்சான்று எதனை நிறுவுகிறது, எதனை நிறுவவில்லை என்பதைக் கருமண் ஆய்வின் வரலாற்றையும் இரு வயல் சோதனைகளையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உயிர்க்கரி, மண் அங்ககக் கரிமம், அமேசான் கருமண், டெர்ரா பிரெட்டா, நேரயனிப் பரிமாற்றம்

கருமண் அறியப்பட்ட வரலாறு

அமேசான் காடு செழித்திருப்பினும் அதன் மேட்டுநிலத்து மண் வளமற்றது. மழையால் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அரித்துச் செல்லப்பட்டு, இரும்பும் அலுமினியமும் மிகுந்த, புளிப்புத் தன்மை கொண்ட செம்மஞ்சள் மண்ணே அங்கு எஞ்சியுள்ளது. இம்மண்ணின் நடுவே, ஆற்றங்கரை மேடுகளில், பானையோடுகள் நிறைந்த கரிய மண் திட்டுகள் காணப்படுகின்றன. பிரேசில் மக்கள் இதனை டெர்ரா பிரெட்டா, அதாவது கருமண் என வழங்குகின்றனர்.

1541-42இல் ஃபிரான்சிஸ்கோ டி ஓரெயானா அமேசான் ஆற்றின் வழியே கடலை அடைந்தபோது உடன் சென்ற பாதிரியார் காஸ்பார் டி கார்வகால், கரைகளில் நெருக்கமான குடியிருப்புகளைக் கண்டதாக எழுதினார். பின்வந்தோர் அங்கே காட்டையே கண்டமையால் அவர் கூற்றைப் புனைவென்று தள்ளினர். 1870களில் நிலவியலாளர் சார்லஸ் ஹார்ட்டும் அவருடைய மாணவர் ஹெர்பர்ட் ஸ்மித்தும் கருமண்ணைக் கவனத்திற்குக் கொண்டுவந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்தவர் சிலர் அப்போது சாந்தரேம் நகரை அடுத்துக் குடியேறியிருந்தனர். புகையிலைக்கும் கரும்புக்கும் அவர்கள் தேடிப் பிடித்தது இக்கருமண்ணையே. அதன் வளத்திற்குப் பழங்குடிகளின் அடுக்களைக் கழிவே காரணம் என 1879இல் ஸ்மித் எழுதினார். 1903இல் ஃபிரெடரிக் கட்சர் அம்மண்ணைப் பகுத்தாய்ந்து கரித்துகளும் மக்கிய பொருளும் அதில் கலந்திருப்பதைக் காட்டினார்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட பின்னரும், எரிமலைச் சாம்பல் என்றும் பழைய ஏரிப் படிவு என்றும் விளக்கங்கள் இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை உலவின. அமேசானில் பெருந்தொகையான மக்கள் வாழ்ந்திருக்க இயலாது என்னும் முன்முடிவே இதற்கு அடிப்படை எனலாம். நெதர்லாந்து மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966இல் வெளியிட்ட நூலில் கருமண் மனிதரால் உருவானது என்பதை வலியுறுத்தியதோடு, ஓடுகள் அருகிய, பழுப்பு நிறமான மற்றொரு மண்ணையும் பிரித்துக் காட்டினார். டெர்ரா முலாட்டா எனப்படும் அது முற்காலத்து விளைநிலமாக இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. ஒன்று வசிப்பிடக் குப்பை, மற்றொன்று உழவு நிலம் என்ற இவ்வேறுபாடு பிற்காலத்து உயிர்க்கரி எழுத்துகளில் பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

கரி மண்ணில் செய்வது

2001இல் புருனோ கிளாசரும் அவருடன் பணியாற்றியோரும் கருமண்ணில் அண்டை மண்ணைவிடச் சராசரியாக 70 மடங்கு கரி இருப்பதாக வெளியிட்டனர். நூற்றாண்டுகள் பல கடந்தும் வெப்ப மண்டலத்தில் அது அழியாதிருப்பதன் காரணம் கரியின் அமைப்பில் உள்ளது. காற்றுக் குறைந்த சூழலில் மரத்தையோ தாளையோ சுடும்போது நீரும் எரிவளிகளும் வெளியேற, எஞ்சிய கரிமம் ஒன்றோடொன்று ஒட்டிய அறுகோண வளையங்களாக இறுகுகிறது. நுண்ணுயிர்களின் நொதிகள் இவ்வளையங்களை எளிதில் உடைப்பதில்லை. சூடு மிகுந்தால் வளையங்கள் பெருகிக் கரி உறுதிப்படும். ஆனால் கிடைக்கும் கரியின் அளவு குறையும். ஹைட்ரஜன் அணுக்களுக்கும் கரிம அணுக்களுக்கும் உள்ள விகிதம் 0.7க்கு மேற்படின் கரி முழுமையாக உருவாகவில்லை எனத் தரச்சான்று நெறிமுறைகள் கொள்வது இதனாலேயே.

வளம் சேர்ப்பது வேறொரு செயல். புதிய கரியின் மேற்பரப்பு சத்துகளைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைந்தது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து ஆக்சிஜனேற்றம் அடைந்த பின்னரே அதன் விளிம்புகளில் எதிர்மின் ஏற்றம் கூடுகிறது. அதன் பிறகே கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகிய நேரயனிகளை மழைநீர் அடித்துச் செல்லாதவாறு அது பற்றுகிறது. பற்றி வைக்க வேண்டுமானால் அச்சத்துகள் மண்ணுக்கு வந்திருக்க வேண்டும். கருமண்ணுக்கு அவற்றை வழங்கியவை மீன்முள்ளும் விலங்கெலும்பும் சாம்பலும் மனிதக் கழிவும். கருமண்ணில் பாஸ்பரசும் கால்சியமும் மிகுந்திருப்பதற்கு மரக்கரி மட்டும் விளக்கமாகாது. கரியைக் கலம் என்றும் குப்பையை அதில் இட்ட பண்டம் என்றும் கொள்ளின் இது விளங்கும்.

மனவுஸ் சோதனை

கருமண்ணிலிருந்து வயலுக்குச் செல்லும் பாதையில் முதற்கட்டச் சோதனைகளுள் ஒன்று மனவுஸ் நகருக்கு அருகில் நடந்தது. கிறிஸ்டோஃப் ஸ்டைனர் குழுவினர் எக்டேருக்கு 11 டன் மரக்கரியைத் தனித்தும், செயற்கை உரத்தோடும், பிற இடுபொருள்களோடும் இட்டு, நெல்லும் சோளமும் நான்கு பருவங்கள் பயிரிட்டு 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். செயற்கை உரத்தோடு கரியும் சேர்ந்த பாத்திகள், உரம் மட்டும் பெற்றவற்றைவிட இருமடங்கு தானியம் தந்தன. உயிர்க்கரியை ஆதரிப்போர் எடுத்துக்காட்டுவது இம்முடிவையே. ஆனால் அதே ஆய்வில் மிகுந்த விளைச்சல் தந்தது கோழி எருவே என்பது அவ்வளவாக மேற்கோள் காட்டப்படுவதில்லை. சத்து தருவது ஒன்று, தந்த சத்தைக் காப்பது மற்றொன்று என்னும் வேறுபாடு இங்கு வயலிலேயே தெரிகிறது.

கொலம்பியச் சவன்னாச் சோதனை

ஜூலி மேஜரும் அவர் குழுவினரும் கொலம்பியாவின் சவன்னாப் புல்வெளியில் நடத்திய சோதனை கூடுதல் நுட்பமானது. புளிப்பு மிகுந்த செம்மண்ணில் எக்டேருக்கு 0, 8, 20 டன் என மூன்று அளவுகளில் மரக்கரி ஒரே முறை இடப்பட்டது. மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறிப் பயிரிடப்பட்டன. எல்லாப் பாத்திகளுக்கும் உரம் இடப்பட்டது. முதலாண்டான 2003இல் மக்காச்சோள விளைச்சலில் மாற்றமேதும் இல்லை. 20 டன் இட்ட பாத்திகளில் 2004, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் விளைச்சல், கரியிடாத பாத்திகளைவிட முறையே 28, 30, 140 விழுக்காடு கூடியிருந்தது.

140 என்னும் எண் தனித்து நிற்கும்போது வியப்பளிப்பது. ஆயினும் நான்காம் ஆண்டில் எல்லாப் பாத்திகளிலுமே விளைச்சல் வீழ்ந்தது; மண்ணின் கால்சியமும் மக்னீசியமும் தீர்ந்துவந்தமை காரணமாகக் கருதப்பட்டது. கரியிட்ட மண்ணில் அவ்விரு சத்துகளும் 77 முதல் 320 விழுக்காடு வரை கூடுதலாக இருந்ததால் அங்கு வீழ்ச்சி குறைவு. ஆகவே அந்த எண், கரி விளைச்சலை இரட்டிப்பாக்கியதைவிடக் கரியில்லாத நிலம் தளர்ந்ததையே மிகுதியும் காட்டுகிறது. சுண்ணாம்புச் சத்துக் குறையாத மண்ணில் இத்தகைய வேறுபாட்டை எதிர்பார்க்க இயலாது. பல சோதனைகளைத் தொகுத்து 2017இல் ஜெஃப்ரி குழுவினர் செய்த மதிப்பீடும் இதற்கு இசைவானது: வெப்ப மண்டலத்தில் சராசரி உயர்வு 25 விழுக்காடு, மிதவெப்ப நாடுகளில் பயனில்லை.

இடும் அளவையும் கருத வேண்டும். உலர்ந்த தாவரப் பொருளில் எடையில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை கரியாகக் கிடைப்பதாகக் கொண்டால், 20 டன் கரிக்கு 60 முதல் 80 டன் மரம் வேண்டும். மக்காச்சோளத் தட்டையிலிருந்து பெறுவதானால், எக்டேருக்கு 5 டன் தட்டை தரும் நிலத்தில் ஆண்டுக்கு ஒன்றரை டன் கரியே கிடைக்கும். அந்நிலத்துக்கே 20 டன் சேர்க்கப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். அவ்வளவு காலமும் மண்ணில் மக்க வேண்டிய தட்டையும் கால்நடைத் தீவனமும் சூளைக்குச் செல்லும். சோதனை வயலுக்குக் கரி வெளியிலிருந்து வருகிறது. உழவர் வயலுக்கு அது எங்கிருந்து வரும் என்பது சோதனை அட்டவணையில் இடம்பெறாத வினா.

கரிமக் கணக்கு

யோகன்னஸ் லேமனும் பிறரும் 2006இல் முன்வைத்த கணக்கு எளிமையானது. தாவரத்தைக் கரியாக்கினால் அதன் கரிமத்தில் ஏறத்தாழ 50 விழுக்காடு நிலைத்த வடிவில் எஞ்சும். திறந்தவெளியில் எரித்தால் 3 விழுக்காடே எஞ்சும். மக்க விட்டால் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் 10 முதல் 20 விழுக்காட்டிற்கும் குறைவே எஞ்சும். 2010இல் உல்ஃப் குழுவினர் இதனை உலக அளவிற்கு விரித்து, மனிதரால் வெளியாகும் பசுமைக்குடில் வளிகளில் 12 விழுக்காடு வரை ஈடுசெய்யலாம் என்றனர். இது உணவுக்கும் வாழிடத்துக்கும் மண்ணுக்கும் கேடின்றித் தொழில்நுட்ப அளவில் எட்டக்கூடிய உச்ச எல்லை. பரப்புரைகளில் இதுவே நடக்கவிருக்கும் அளவாகச் சுட்டப்படுகிறது.

கரி நெடுங்காலம் நிலைக்கும் என்பதில் சான்று வலுவானது. கதிரியக்கக் கரிமத்தால் அடையாளமிடப்பட்ட கரியைக் குசியகோவ் குழுவினர் எட்டரை ஆண்டுகள் ஆய்வகத்தில் கண்காணித்தபோது ஏறத்தாழ 6 விழுக்காடே சிதைந்தது. ஐயம் எழுவது கரியைச் சுற்றியுள்ள மண்ணைப் பற்றியே. வடக்கு ஸ்வீடனின் காடுகளில் வார்டில் குழுவினர் கரியையும் மக்கையும் தனித்தனியாகவும் கலந்தும் வலைப்பைகளில் இட்டுப் பத்தாண்டுகள் வைத்திருந்தனர். கலந்த பைகளில் எதிர்பார்த்ததைவிட மிகுந்த எடை குறைந்தது. கரி மக்கின் சிதைவைத் தூண்டியதாக 2008இல் அவர்கள் கூறினர். குறைந்த எடை கரியினுடையதாகவும் இருக்கலாம் என லேமனும் சோஹியும் மறுத்தனர். கலவையின் எடையை மட்டும் அளந்தால் எது போயிற்று என்று பிரித்தறிய முடியாது. அதற்குக் கரிம ஓரிடத்தான்களின் அளவீடு தேவை.

கொலம்பியாவில் மேஜர் குழுவினர் அவ்வளவீட்டைச் செய்தனர். மாமரக் கிளைகளிலிருந்து பெற்ற கரியை எக்டேருக்கு 23.2 டன் இட்டு இரண்டாண்டு கண்காணித்ததில், வளியாக வெளியேறியது 2.2 விழுக்காடே. நீரில் கரைந்து கீழிறங்கியதும் மிகச் சிறிது. ஆனால் இட்ட கரியில் 20 முதல் 53 விழுக்காடு வரை அந்நிலத்தில் காணப்படவில்லை. மழைநீரோடு மேற்பரப்பில் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் முடிபு. வளிமண்டலக் கணக்கில் இது இழப்பன்று. கரி ஓடையிலோ பள்ளத்திலோ கரியாகவே கிடக்கும். கரியிட்டு நிலத்தைத் திருத்த முனைந்த உழவருக்கு அது முழு இழப்பே. கரிம வரவு விற்பவரின் ஏடும் உழவரின் ஏடும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

கருமண்ணின் தோற்றம் பற்றிய அண்மை விவாதம்

2021இல் சில்வா குழுவினர், மனவுஸ் அருகிலுள்ள கால்டெய்ராவ் கருமண்ணின் பாஸ்பரசும் கால்சியமும் ஆற்று வண்டலால் வந்தவை என்றும், மனிதர் வருமுன்னரே அங்கு வளம் சேர்ந்திருந்தது என்றும் வாதிட்டனர். மறு ஆண்டே தொல்லியலாளரும் மண்ணியலாளரும் பலர் இணைந்து, மனிதரே காரணம் என்பதற்கான சான்றுகளைத் தொகுத்து மறுத்தனர். 2023இல் ஷ்மிட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழியில் சென்றது. மேல் ஷிங்கு ஆற்றுப் பகுதியில் வாழும் குய்குரோ மக்கள் மரவள்ளிக் கழிவு, மீன் எச்சம், சாம்பல், கரி ஆகியவற்றை வீட்டின் பின்புறம் குவித்து, அக்குவியல் கருத்த பின் அதில் பயிரிடுவதையும், தோட்டங்களில் சாம்பலும் கரியும் பரப்புவதையும் அவர்கள் பதிவு செய்தனர். குய்குரோ ஊர்களின் இன்றைய குப்பைமேட்டு மண்ணும் அருகிலுள்ள தொல்லிடங்களின் கருமண்ணும் வேதியியல் தன்மையில் ஒத்திருந்தன. அம்மேடுகளில் கரி சேர்வது ஒரே முறை டன் கணக்கில் அன்று. அன்றாட அடுப்பிலிருந்து, உணவின் எச்சத்தோடு சேர்ந்தே.