கடல் கடந்த கொள்ளி

தகப்பனுக்குக் கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்பார்கள் நம்மவர்கள். மகன் இருந்தும், சிதையே அவன் கைக்கு எட்டாவிட்டால் என்ன செய்வது? சிங்கப்பூர்த் தமிழரின் சங்கடம் இது.

அங்கே 1962ல் மவுண்ட் வெர்னனிலும், 1982ல் மண்டாயிலும் அரசாங்கத் தகனசாலைகள் ஏற்பட்டன. முன்னது 2004ல் மூடப்பட்டது. மண்டாயில் பெட்டியை இயந்திரம் உலைக்குக் கொண்டுபோகிறது. உறவினர் பார்த்து நிற்கலாம், அவ்வளவுதான். ஆகவே வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், குடமுடைத்தல் எல்லாம் பெட்டி உலைக்குப் போகுமுன்பே முடிந்துவிட வேண்டும். பல குடும்பங்களில் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளமே மயானத்தின் பாதி வேலையைச் செய்கிறது. கொள்ளியோ கற்பூரச் சுடராகச் சுருங்கிவிட்டது.

பிறகு சாம்பல். கரைப்பதற்குக் காவிரி இல்லை. கடலிலும் நினைத்த இடத்தில் கரைக்கலாகாது. செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில் துறைமுக அதிகாரிகள் இடம் குறித்திருக்கிறார்கள். அதற்குப் படகு பிடிக்க வேண்டும். 2021ல் சுவா சூ காங்கில் சாம்பல் தூவ ஒரு தோட்டம் திறந்தார்கள். படகுச் செலவு இல்லை. ஆனால் எல்லா மதத்தினருக்கும் பொதுவான இடமாகையால் அங்கே மதச் சடங்குக்கு இடமில்லை. மந்திரம் வேண்டுமென்பவர் இன்னும் படகுக்கே போகிறார். ஏழை மகனுக்கு அந்தப் படகுக் கூலிதான் புதிய கொள்ளிக் கடன்.