கதை தெரியும், பாட்டு தெரியாது

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா துறையூர் பக்கத்துல உப்பிலியபுரம். சாப்பிட்டு முடிச்சு திண்ணையில உட்கார்ந்திருந்தப்போ அம்மா திடீர்னு கேட்டாங்க: "டேய், கம்ப்யூட்டர்ல எல்லாம் தேடிக் குடுக்கிறியே, உங்க தாத்தா சொல்ற பாட்டு ஒண்ணைத் தேடித் தருவியா?"

"மொத வரி சொல்லும்மா."

"வரியெல்லாம் ஞாபகம் இல்லைடா. கதைதான் ஞாபகம் இருக்கு. புருஷன் மழைக்காலத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுப் போயிடறான். மழை வந்துடுது, அவன் வரலை. இது மழைக்காலமே இல்லைன்னு பாட்டு."

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் பிறக்கறதுக்கு முந்தின வருஷம் அப்பா சரக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம் வேலையில இருந்தார். "ஐப்பசி மழைக்கு ஊர்ல இருப்பேன்"னு எழுதியிருந்தார். ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. ஆளும் வரலை, லெட்டரும் வரலை. தாத்தா ரிடையர் ஆன தமிழ் வாத்தியார். தினமும் போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்குத் தெருமுனையில போய் நின்னுட்டு வெறுங்கையோட திரும்புவாராம். அந்த நாட்கள்ல அவர் அம்மாவுக்கு ஒரு பாட்டு சொல்லித் தைரியம் சொன்னார்னு அத்தை அடிக்கடி சொல்லுவாங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை அது. பாட்டு மட்டும் யாருக்கும் தெரியாது. தாத்தாவும் இப்போ இல்லை.

நானும் ஆர்வக்கோளாறுல 'மழை', 'காத்திருப்பு', 'கணவன்'னு கூகிள்ல அடிச்சுப் பார்த்தேன். சினிமாப் பாட்டா கொட்டுச்சு. அப்புறம்தான் உறைச்சது: தமிழ் வாத்தியார் சொன்ன பாட்டு, சங்கப் பாட்டா இருக்கணும். அப்படின்னா நான் தேடற வார்த்தையே தப்பு. பின்னாடி கிடைச்ச பாட்டுல 'மழை'ங்கிற சொல்லே இல்லை. 'கார்'னுதான் இருக்கு. நம்ம ஞாபகம் பழைய சொல்லைத் தூக்கிப் போட்டுட்டு, அந்த இடத்துல இன்னைக்கு நாம பேசற சொல்லை வெச்சுடுது. கதை மட்டும் முழுசா இருக்கு, சொல் ஒண்ணுகூட மிச்சமில்லை. சொல்லை வெச்சுத் தேடற மெஷினுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேணுமா?

சரி, கதையை வெச்சே தேடினா? இங்கேதான் நம்ம ஆளுங்க எனக்கு முன்னாடியே வேலையைச் செஞ்சு வெச்சிருக்காங்க. சங்கப் பாட்டுக்குப் பெரும்பாலும் தலைப்பு கிடையாது. நம்பர் இருக்கு, பாடினவர் பேர் இருக்கு (சிலதுல அதுவும் இல்லை). அதோட குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மாதிரி அகப்பாட்டுத் தொகைகள்ல ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சின்னக் குறிப்பு கூடவே வரும். யார் சொல்றா, யார்கிட்ட சொல்றா, என்ன நிலைமையில சொல்றா - இவ்வளவுதான் அந்தக் குறிப்பு. இதுக்குப் பேர் கூற்று, துறைன்னு சொல்லுவாங்க. டேட்டாபேஸ்ல வேலை செய்றவனுக்கு உடனே புரியும்: இது பாட்டுக்கான இண்டெக்ஸ். அதுவும் முதல் வரியை வெச்சுப் போட்டது இல்லை, கதையை வெச்சுப் போட்டது.

வெளிநாட்டுலயும் இந்தத் தலைவலி இருந்திருக்கு. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டுன்னு ஒரு பேராசிரியர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கதைப்பாட்டு 305-ஐ 1882-லேர்ந்து 1898 வரைக்கும் தொகுத்து வெளியிட்டார். ஒரே கதை ஊருக்கு ஊர் வேற வேற வார்த்தையில பாடப்பட்டதால, கதைக்கு ஒரு நம்பர் குடுத்து, வடிவங்களை எல்லாம் அதுக்குக் கீழே அடுக்கினார். அங்கே ஒரு கதைக்குப் பல வடிவம். நம்மகிட்ட சிக்கல் வேற மாதிரி: ஒரே நிலைமைக்குப் பல புலவர்கள், ஒவ்வொருத்தரும் தனித்தனிப் பாட்டு.

அது எப்படின்னு பாருங்க. பிரிஞ்சு போனவன் கார்காலத்துல திரும்பி வருவான், அவள் வீட்டுல காத்திருப்பாள். இது முல்லைத் திணை. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலைன்னு தொல்காப்பியமே வகுத்து வெச்சிருக்கு. கார்னா ஆவணியும் புரட்டாசியும். எங்க ஊர்ல பெரிய மழை ஐப்பசியிலதான், ஆனா கதை அதேதான். அதனால 'மழை வந்துச்சு, அவன் வரலை'ன்னு தேடினா ஒரு கூட்டமே வந்து நிக்கும். அதுல 'இது மழைக்காலமே இல்லை'ங்கிற திருப்பம் இருக்கறதை மட்டும் பொறுக்கினேன். என் கையில நாலு பாட்டு நின்னுச்சு.

குறுந்தொகை 66, கோவர்த்தனார் பாடினது. கொன்றை மரத்துக்குப் புத்தி இல்லை, பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார்னு நம்பிப் பூத்துடுச்சுங்கிறது சங்கதி. பருவம் தப்பின மழைக்கு அதுல ஒரு அருமையான சொல் இருக்கு: வம்பமாரி.

குறுந்தொகை 251, இடைக்காடனார் பாடினது. இதுல ஏமாந்தது மயில். போன மழைக்காலத்துல மிச்சம் வெச்ச பழைய தண்ணியை, புதுத் தண்ணி மொண்டுக்கறதுக்காக மேகம் கீழே கொட்டுது. அந்த இடிச் சத்தத்தைக் கேட்டு மயில் ஆடுது, இதெல்லாம் காரே இல்லைடின்னு போகும்.

நற்றிணை 99, இளந்திரையனார் பாடினது. இங்கேயும் அதே சமாதானம்தான். கொன்றையோட பிடவமும் கோடலும் சேர்ந்து ஏமாந்து பூத்திருக்கு.

நாலாவது குறுந்தொகை 21, ஓதலாந்தையார் பாடினது. கொன்றை பூத்த காடே 'இது கார்காலம்'னு சொன்னாலும் நான் நம்பமாட்டேன், அவர் பொய் சொல்றவர் இல்லைன்னு ஒரு பொண்ணு சொல்றாள்.

நாலும் ஒரே கதை. எது தாத்தாவோட பாட்டு?

அத்தையோட கணக்குப்படி முதல் மூணுல ஒண்ணாத்தான் இருக்கணும். ஏன்னா அந்த மூணையும் சொல்றது தோழி. வாடிப்போன தலைவியைத் தேத்தறதுக்காக, 'இது பருவம் இல்லை'ன்னு அடிச்சுச் சொல்றாள். குறிப்பும் அதைத்தான் சொல்லுது. வெளியே கொட்டற மழை பருவமழைன்னு தோழிக்கே நல்லாத் தெரியும். தெரிஞ்சே சொல்ற அன்பான பொய். லெட்டர் வராத வீட்டுல மருமகளைத் தேத்த ஒரு மாமனார் சொல்லக்கூடிய பாட்டுதானே இது? நான் 66-ஐ முடிவு பண்ணி, அம்மாவுக்குப் போன் போட்டு அர்த்தம் சொன்னேன்.

"இது இல்லைடா" அப்படின்னாங்க பட்டுனு.

"ஏம்மா, கதை அதேதானே?"

"கதை அதேதான். ஆனா இதுல மரத்தைத் திட்டறாங்க. மாமா சொன்னதுல திட்டே கிடையாது. பூவைப் பத்தி அழகா ஏதோ வரும். பொம்பளைங்க தலையில தங்கத்துல நகை வெச்சுப் பின்னின மாதிரி பூவு."

அவ்வளவுதான், மாட்டிக்கிச்சு! பொன் நகை சேர்த்துக் கட்டின கூந்தல் மாதிரி கொன்றை பூத்துத் தெரியுதுங்கிற உவமை இந்த நாலுல 21-ல மட்டும்தான் இருக்கு. இதுல நான் கத்துக்கிட்டது ஒண்ணு. கதையோட மையம் பாட்டை அடையாளம் காட்டாது, ஏன்னா அது எல்லாப் பாட்டுக்கும் பொது. கதைக்குத் தேவையே இல்லாத ஒரு உபரி விஷயம் யாருக்காவது ஞாபகம் இருந்தா, அதுதான் காட்டிக் குடுக்கும். அதனால பாட்டுத் தேடறவங்க 'என்ன நடந்துச்சு'ன்னு கேட்கறதோட நிறுத்தாம, 'யார் பேசறா, எதைப் பார்த்துப் பேசறா'ன்னும் கேட்கணும்.

ஆனா 21-னு ஆனதும் எங்க வீட்டுக் கதையே இடிச்சது. 21-ல பேசறது தோழி இல்லை, தலைவி. அதோட குறிப்பை எடுத்துப் படிச்சேன். சாரம் இதுதான்: பருவம் வர்ற வரைக்கும் தலைவியைத் தேத்திக்கிட்டு இருந்தவள் தோழி. பருவம் வந்தே விட்டது. இனிமே என்ன சொல்லித் தேத்தறதுன்னு தோழி வெளியே சொல்லாம மனசுக்குள்ளேயே கவலைப்படறாள். அதைத் தலைவி கண்டுபிடிச்சுடறாள். 'காடு என்ன சொன்னாலும் நான் இதைக் கார்னு ஏத்துக்கல, அவர் பொய் சொல்லமாட்டார், நான் தாங்கிக்குவேன்'னு அவள்தான் தோழிக்குத் தைரியம் சொல்றாள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். இந்தக் குறிப்புகள் பாட்டு பாடினவங்க எழுதினது இல்லை, பிற்காலத்துல சேர்ந்ததுன்னுதான் ஆராய்ச்சிக்காரங்க பொதுவாச் சொல்றாங்க. 21-ம் பாட்டு மொத்தம் அஞ்சே வரி. அதுல தோழி கவலைப்பட்டதா ஒரு சொல்கூடக் கிடையாது. யார்கிட்ட பேசறாள்னும் பாட்டுக்குள்ள இல்லை. அந்தக் கவலைப்படற தோழியை முழுக்கக் குறிப்பு எழுதினவர்தான் கொண்டுவந்தார். அதனால குறிப்பை வெச்சுப் பாட்டைத் தேடலாம், ஆனா குறிப்பே பாட்டுன்னு நினைச்சுடக் கூடாது. 1937-ல உ.வே.சா. பல ஏடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்புல குறிப்பும் உரையும் எல்லாம் இருக்கு. பாட்டையும் குறிப்பையும் தனித்தனியாப் படிச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

இதெல்லாம் தெரிஞ்சும், அம்மாகிட்ட திரும்பப் போன்ல கேட்டேன். "அந்தப் பாட்டை உனக்குத் தைரியம் சொல்லத்தான் தாத்தா சொன்னாரா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "எனக்கு எதுக்குடா தைரியம்? மாமாதான் சரியாச் சாப்பிடாம இருந்தார். ஒரு நாள் ராத்திரி பயங்கர மழை. தட்டுல சோறு அப்படியே இருக்கு. 'மாமா, அவர் சொன்னா வந்துடுவார், நீங்க சாப்பிடுங்க'ன்னேன். என்னையே பார்த்தார். அப்புறம்தான் 'நீ சொன்னதை ஒருத்தி அப்பவே சொல்லிட்டாம்மா'ன்னு அந்தப் பாட்டைச் சொல்லி அர்த்தமும் சொன்னார்."

இத்தனை வருஷமா எங்க வீட்டுல, தாத்தா அம்மாவைத் தேத்தினார்னு சொல்லிட்டு இருந்தோம். நடந்தது நேர் தலைகீழ்!

மார்கழியில ஒரே நாள்ல மூணு லெட்டர் கட்டா வந்துச்சாம். எங்கேயோ வழியில தேங்கிக் கிடந்தது. அப்பா தை மாசம் வந்து சேர்ந்தார். ஐப்பசின்னு சொன்னவர் தையில வந்தா அது பொய்க் கணக்குல வருமா வராதான்னு அம்மாகிட்ட கேட்டேன். "அது ஐப்பசியே இல்லைடா" அப்படின்னாங்க. :-)