சம்பளமா, மரியாதையா? 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தை வைத்து ஒரு வாதக் கட்டுரைத் திட்டம்



செலாயாங்கில் மாலை வகுப்பு முடிந்ததும் படிவம் ஆறு மாணவர் ஒருவர் தன் விடைத்தாளை நீட்டினார். நான்கு பக்கம், எழுத்து அழகு, ஆண்டுகள் எல்லாம் சரி. "எல்லாமே எழுதிட்டேன் டீச்சர், அப்புறம் ஏன் மார்க் வரல?" என்று கேட்டார். படித்துப் பார்த்தேன். 1941-ல் கிள்ளானில் நடந்தது எல்லாம் வரிசையாக இருந்தது. ஆனால் கேட்ட கேள்விக்கு அவருடைய பதில் என்ன என்று நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. கதை சொல்லியிருந்தார், வாதம் செய்யவில்லை.

எஸ்.டி.பி.எம். வரலாற்றுத் தாளில் 'செஜாவ் மானாகா', அதாவது 'எந்த அளவுக்கு', என்று தொடங்கும் கேள்வி வந்தால், நடந்ததைச் சொல்வதோடு வேலை முடியாது. நீங்கள் ஒரு பக்கம் நின்று, அதற்குச் சான்று காட்டி, எதிரே நிற்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கான திட்டத்தை அந்த மாணவர் எழுதிய அதே கேள்வியை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

கேள்வி இது: "1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் சம்பளப் போராட்டமே. இக்கூற்று எந்த அளவுக்கு ஏற்புடையது?"

முதலில் நடந்ததைச் சுருக்கமாக

1938-ல் இந்திய அரசாங்கம், உதவி பெற்று மலாயாவுக்கு வரும் உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. பிறகு போர் வந்தது. ரப்பருக்குத் தேவை ஏறியது, அரிசி முதலான பொருள்களின் விலையும் ஏறியது. பால்மரம் வெட்டும் ஆண் தொழிலாளியின் நாள் சம்பளமோ 50 காசு அளவில்தான் இருந்தது. அதே வேலை செய்த சீனத் தொழிலாளர் அதைவிடக் கூடுதலாகப் பெற்றனர்.

1941 மார்ச்சில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்னின்றது. அதன் முக்கியத் தலைவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன். ஏப்ரலில் தோட்ட முதலாளிகள் ஓரளவு சம்பள உயர்வுக்கு ஒத்துக்கொண்டார்கள், தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் மறுபடி வெடித்து இன்னும் பரவியது. மே நடுவில் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். பலர் பிடித்து வைக்கப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இந்த அவசரநிலையை 1948-ல் வந்த அவசரகாலத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விடைத்தாள்களில் அடிக்கடி வரும் பிழை அது.

என் மாணவரின் நான்கு பக்கமும் இந்த இரண்டு பத்திகளின் விரிவுதான். இதை எப்படித் திட்டமாக மாற்றுவது?

படி 1: நிலைப்பாடு, ஒரே வாக்கியத்தில்

"சம்பளம், மரியாதை இரண்டும் காரணம்" என்று எழுதினால் அது நிலைப்பாடு ஆகாது. அதை யாரும் மறுக்கப் போவதில்லை. மறுக்க ஆள் இல்லாத இடத்தில் வாதமும் இல்லை. எந்தக் காரணம் எதைச் செய்தது என்று சொல்லுங்கள். நான் வகுப்பில் பலகையில் எழுதிய வாக்கியம் இது:

"வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்ததில் சம்பளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் சம்பளம் உயர்ந்த பிறகும் அது மீண்டும் எழுந்ததற்குக் காரணம், தோட்டத்தில் மனிதராக நடத்தப்பட வேண்டும் என்ற கோரிக்கையே."

இந்த வாக்கியம் 'எந்த அளவுக்கு' என்பதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது: மார்ச்சுக்குப் பெருமளவு பொருந்தும், மே மாதத்துக்குப் பொருந்தாது. பரிசோதனை எளிது. உங்கள் வாக்கியத்துக்கு நேர்மாறான வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். அதையும் ஒருவர் நியாயமாகச் சொல்ல முடியும் என்றால், உங்களுடையது நல்ல நிலைப்பாடு.

படி 2: சான்றுக்கு முன்பே எதிர்வாதம்

வழக்கமாகச் சான்றுகளை எல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியில் எதிர்வாதத்துக்கு இரண்டு வரி ஒதுக்குவோம். திட்டம் போடும்போது இதைத் திருப்பிப் போடுங்கள். எதிராளி என்ன சொல்வார் என்று முதலில் எழுதிவிட்டால், எந்தச் சான்று தேவை என்பது தானாகத் தெரியும். இந்தக் கேள்விக்கு வலுவான எதிர்வாதங்கள் இரண்டு.

ஒன்று: "விலைவாசி ஏறியது, சம்பளம் போதவில்லை, சீனருக்கு இணையாகக் கேட்டார்கள். கோரிக்கைப் பட்டியலிலும் அது முக்கியம். ஆகவே இது சம்பளப் போராட்டமே."

இரண்டு: "மே மாதம் வேலைநிறுத்தம் திரும்ப வந்தது மரியாதைக்காக அல்ல. நாதனைக் கைது செய்ததால் வந்தது. வெளியாள் ஒருவர் தூண்டிவிட்டார்." அன்றைய காலனி அரசாங்கம் கிட்டத்தட்ட இப்படித்தான் பேசியது.

இரண்டாவதைக் கவனியுங்கள். நாதன் தோட்டத் தொழிலாளி அல்லர், பத்திரிகையாளர். அது உண்மை. "சம்பளம் கிடைத்த பிறகும் போராடினார்கள்" என்ற நம்முடைய முதல் சான்றையே எதிராளி எடுத்துத் தனக்குச் சாதகமாக்கிவிட்டார். எதிர்வாதத்தை முதலில் எழுதாமல் போயிருந்தால் இந்த ஓட்டை நமக்குத் தெரிந்திருக்காது.

படி 3: எதிராளியால் எடுத்துக்கொள்ள முடியாத சான்று

கோரிக்கைப் பட்டியலுக்கு வருவோம். சம்பளம் அதில் ஒன்றுதான். கொடுமை செய்யும் மேலாளர்களையும் ஊழியர்களையும் நீக்க வேண்டும், பெண்களிடம் அவர்கள் தவறாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும், குறை சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது என்று பட்டியல் போகிறது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

இதை வகுப்பில் சொன்னபோது அந்த மாணவர் சட்டென்று, "எங்க பாட்டியோட அப்பா அப்படித்தான் இறங்குவாராம் டீச்சர். பாட்டி சொல்லிருக்காங்க. அத நான் எழுதலாமா?" என்றார். தேர்வில் பாட்டி சொன்னதைச் சான்றாகக் காட்ட முடியாது என்றேன். ஆனால் பாட்டி சொன்னது ஏன் முக்கியம் என்று தெரிந்துகொண்டால், கோரிக்கைப் பட்டியலின் அந்த ஒரு வரி தாளில் கனமாக நிற்கும்.

ஏன் கனம்? சைக்கிளை விட்டு இறங்காமல் இருப்பதால் ஒரு காசுகூட வரவு இல்லை. ஆகவே முதல் எதிர்வாதத்தால் இதை விளக்க முடியாது. அது தோட்டத்துப் பாதையில் தினமும் பட்ட அவமானம். வெளியிலிருந்து வந்தவர் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆகவே இரண்டாவது எதிர்வாதமும் இங்கே தடுமாறும்.

நாதன் கைதுக்கும் இப்போது பதில் இருக்கிறது. குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது பட்டியலில் இருந்த கோரிக்கை. அவர்கள் சார்பாகக் குறை சொன்னவரையே பிடித்தபோது அந்தக் கோரிக்கை கண்ணெதிரே மிதிக்கப்பட்டது. கைது வேறு காரணம், மரியாதை வேறு காரணம் என்று பிரிக்க முடியாது.

படி 4: விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுங்கள்

சீனருக்கு இணையான சம்பளம் என்ற கோரிக்கையில் பணமும் இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது. அதை முழுக்க உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். இன்னொன்று, பட்டியலைத் தயாரித்ததில் சங்கத் தலைவர்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே "எல்லாத் தொழிலாளரும் இப்படி நினைத்தார்கள்" என்று எழுதக் கூடாது. "கோரிக்கைப் பட்டியல் காட்டுவது" என்று எழுதுங்கள். சான்று தாங்கும் அளவுக்கு மட்டும் சொன்னால் வாதம் பலவீனமாகாது, திருத்துபவரின் நம்பிக்கை கூடும்.

இனி வெற்றுப் படிவம்

1. நிலைப்பாடு: எது, எந்த அளவுக்கு, ஏன் (ஒரு வாக்கியம்).
2. எதிர்வாதம்: எதிராளியே "ஆமா, நான் சொன்னது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி.
3. சான்று 1, சான்று 2: ஒவ்வொன்றின் முடிவிலும் "இதிலிருந்து தெரிவது..." என்று ஒரு வாக்கியம்.
4. மறுமொழி: எதிர்வாதம் விளக்க முடியாத இடம் எது?
5. விட்டுக்கொடுப்பது: என் சான்று எதுவரை தாங்கும்?
6. முடிவு: 1-ஆம் எண்ணில் உள்ளதே, வேறு சொற்களில்.

எழுதும்போது இந்த வரிசையைக் கேள்விக்கேற்ப மாற்றலாம். 'எந்த அளவுக்கு' என்றால் கூற்றில் நீங்கள் ஏற்கும் பகுதியை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டு, பிறகு உங்கள் பக்கம் திரும்புங்கள். நம் கேள்வியில் மார்ச் மாதச் சம்பளப் பிரச்சினை முதலில் வரும், மே மாதம் பிறகு வரும். 'ஏற்கிறீர்களா' என்றால் உங்கள் சான்றுகளை முதலில் நிறுத்தி, எதிர்வாதத்தையும் மறுமொழியையும் முடிவுக்கு முந்தைய பத்தியில் வையுங்கள்.

திருத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வழி. மாணவரின் கட்டுரையில் ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தை மட்டும் படியுங்கள். அங்கே வெறும் நிகழ்ச்சி இருந்தால் அது கதை. கேள்விக்கான பதிலின் ஒரு துண்டு இருந்தால் அது வாதம். முடிவுரை நிலைப்பாட்டோடு முரண்பட்டால், எதிர்வாதத்தை எழுதும்போதே மாணவர் பக்கம் மாறிவிட்டார் என்று அறியலாம். அப்போது 4-ஆம் எண்ணுக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

என் மாணவர் அடுத்த வாரம் மறுபடி எழுதிக் கொண்டுவந்தார். இரண்டரைப் பக்கம்தான். மூன்றாவது பத்தியின் கடைசி வாக்கியம் இப்படி இருந்தது: "சைக்கிளில் அமர்ந்தபடியே போவதற்குச் சம்பளம் கிடையாது, அதையும் அவர்கள் கேட்டார்கள் என்பதிலிருந்து, அவர்கள் கேட்டது சம்பளம் மட்டும் இல்லை என்று தெரிகிறது."

பயிற்சிக்கு: இதே வேலைநிறுத்தத்தை வைத்து, "நாதன் இல்லாமல் கிள்ளான் போராட்டம் இல்லை. ஏற்கிறீர்களா?" என்ற கேள்விக்கு ஆறு வரியில் திட்டம் எழுதுங்கள். எதிர்வாதத்திலிருந்து தொடங்குங்கள்.