வெப்பமும் ஈரமும் மிகுந்த வீட்டில் மருந்து: காலாவதித் தேதி எதைச் சொல்கிறது?

மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியை, அந்த மாத்திரை கெட்டுப்போகும் நாள் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது தயாரித்த நிறுவனம் ஏற்கும் ஒரு பொறுப்பு, அதுவும் நிபந்தனையோடு ஏற்கும் பொறுப்பு. பிரிக்காத அட்டையில், லேபிளில் சொன்ன வெப்பத்துக்குள் வைத்திருந்தால், குறிப்பிட்ட மாதத்தின் கடைசி நாள்வரை மருந்தின் வீரியம் உரிய அளவில் இருக்கும் என்பதே அதன் பொருள். ஜூன் என்று போட்டிருந்தால் ஜூன் 30 வரை. உரிய அளவு என்பது பெரும்பாலான மாத்திரைகளுக்கு, லேபிளில் சொன்ன மில்லிகிராமில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது. ஆக, தேதி மாத்திரைக்கு மட்டும் உரியதல்ல. மாத்திரை, அதன் உறை, வைக்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போட்ட தேதி. புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை போன்ற ஊரில், சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும் மாறி மாறி வரும் வீடுகளில், தேதி வருவதற்கு முன்பே நிபந்தனை முறிந்துவிடுகிறது. மருந்து வீரியம் இழப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அப்படியானால் பகல் வெயில் 38 டிகிரியைத் தொடும் ஊரில் எந்த மருந்தும் நிற்காதா என்று கேட்கலாம். நிற்கும். நம் நாட்டில் விற்கும் மருந்துகளை நீண்டகாலச் சோதனையில் 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அதோடு 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்ற கடுமையான நிலையில் ஆறு மாதம் வைத்தும் சோதிக்கிறார்கள். கோடையில் சில வாரம் வீட்டுக்குள் 34, 35 டிகிரி இருப்பதால் சாதாரண பிரஷர் மாத்திரை வீணாகிவிடாது. ஆனால் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. வெப்பம் 10 டிகிரி கூடினால் மருந்து சிதையும் வேகம் சுமாராக இரண்டு முதல் நான்கு மடங்கு ஆகிறது. அதனால் சராசரி வெப்பத்தைவிட, நாளின் மிகச் சூடான சில மணி நேரமே அதிகச் சேதம் செய்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரண், மாலை வெயில் விழும் மேற்குச் சுவர் அலமாரி, ஃபிரிட்ஜின் மேற்புறம், வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியிலுள்ள பெட்டி ஆகியவை அறை வெப்பத்தைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். அதே வீட்டில் உள்ளறையின் வடக்கு அல்லது கிழக்குச் சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்தில் உள்ள அலமாரித் தட்டு நன்றாகவே தணிந்திருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தட்டுக்குப் பூட்டு வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வெப்பத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மாத்திரைக்கு ஈரம் இன்னும் பெரிய எதிரி என்பது என் முடிவு. அதற்கு வலுவான சான்று வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் திறந்து வைத்த கார்பமாசெபின் மாத்திரைகள் தம் பயனில் மூன்றில் ஒரு பங்குவரை இழக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1990இல் எச்சரித்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மாத்திரையில் மருந்தின் அளவு குறைந்திருக்கவில்லை. காற்றிலுள்ள நீரை ஏற்றுக்கொண்டு மருந்தின் படிக அமைப்பு மாறுகிறது, மாத்திரை இறுகிப்போகிறது, வயிற்றில் கரைய வேண்டிய வேகத்தில் கரைவதில்லை. கரையாதது ரத்தத்துக்குப் போகாது. அளந்து பார்த்தால் முழு மருந்தும் இருக்கும், நோயாளிக்கோ வலிப்பு திரும்பி வரும். வலிப்புக்கே தரும் சோடியம் வால்புரோயேட் வேறு விதம்; அது உப்பைப்போலவே ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். இரண்டையும் விழுங்கும் வேளைவரை உறையிலிருந்து எடுக்கக் கூடாது.

இங்கேதான் அட்டையின் அருமை தெரியும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவானது. மாத்திரைகளை அட்டையாகவே வாங்கும் முறை அதன் நல்ல பழக்கங்களில் ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர், சுகர் மாத்திரைகள் பல வார காலம் வீட்டில் இருக்கும் என்பதால் இது இன்னும் முக்கியமாகிறது. இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் உள்ள அட்டைக்குள் ஈரம் ஏறக்குறைய நுழையவே நுழையாது. முன்பக்கம் கண்ணாடிபோல் பிளாஸ்டிக் இருக்கும் அட்டையில் மெதுவாக நுழையும், ஆனாலும் காலாவதிவரை தாங்கும்படிதான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சேதம் நடப்பது நாம் கை வைக்கும்போதுதான். மாதத்துக்கான மாத்திரைகளை மொத்தமாகப் பிதுக்கி ஒரே டப்பாவில் கொட்டி வைத்தால் அட்டை தந்த காவல் அன்றோடு முடிந்தது. வேளைக்கு ஒரு குழி உள்ள டப்பா முதியோருக்கு உதவிதான். அதில் ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் போதும். கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கும்போதும் இரண்டு குழிகளுக்கு நடுவிலுள்ள ஒட்டுப் பட்டையில் வெட்ட வேண்டும். குழியின் ஓரத்தைத் தொட்டு வெட்டினால் மாத்திரை வெளியே தெரியாமலே காற்று உள்ளே போய்விடும். தேதி அட்டையின் ஒரு மூலையில் மட்டுமே அச்சாகியிருப்பதால், அந்த மூலையைக் கடைசிவரை விட்டுவைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து மாத்திரை எடுப்பது நல்லது.

அட்டையில் வராமல் 100 மாத்திரைப் புட்டியில் வரும் மருந்துகளில் நம் வீடுகளில் அதிகம் இருப்பது தைராய்டு மாத்திரை. லெவோதைராக்சின் எனும் இந்த மருந்து வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றுக்கும் அஞ்சும். அளவும் மைக்ரோகிராமில் என்பதால் சிறு குறையும் உடலில் தெரியும். ஆகவேதான் எஃப்.டி.ஏ. 2007இல், காலாவதி நாளிலும் இதன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்று வரம்பை இறுக்கியது. ஒரு வீட்டில் இந்தப் புட்டி அடுப்படி மேடையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலையில், உலை கொதிக்கும் நேரத்தில் மூடி திறக்கப்படுகிறது. உள்ளே இருந்த ஈரம் உறிஞ்சும் சிறு பையைக் குப்பை என்று நினைத்து முதல் நாளே எறிந்துவிட்டார்கள். மூன்றாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். ஏறியிருக்கிறது. மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். அதே வாரம் புதுப் புட்டி வாங்கினால், முழு வீரியமுள்ள மாத்திரை கூடுதல் அளவில் உள்ளே போகிறது. படபடப்பு, தூக்கமின்மை என்று அடுத்த தொந்தரவு தொடங்குகிறது. வேளை தவறாமல் சாப்பிட்டும் டி.எஸ்.ஹெச். ஏறினால், அளவைக் கூட்டுவதற்கு முன் புட்டி எங்கே இருந்தது என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

காலாவதித் தேதியே கம்பெனிகள் விற்பனைக்காகச் செய்த ஏற்பாடு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் காட்டும் சான்று பொய்யல்ல. அமெரிக்க ராணுவத்தின் மருந்துக் கையிருப்பை எஃப்.டி.ஏ. 1986 முதல் சோதித்து வருகிறது. 2006இல் வெளியான முடிவின்படி, 122 வகை மருந்துகளின் தொகுதிகளில் 88 சதவீதம் தேதி கடந்து குறைந்தது ஓராண்டு நீட்டிக்கத் தகுதியாக இருந்தன. ஆனால் அவை திறக்காத மூல உறையில், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய கிடங்கில் இருந்த மருந்துகள். அந்தச் சான்று, நிபந்தனை காத்தால் தேதி தாராளமாகவே தாங்கும் என்று காட்டுகிறது. அடுப்படி டப்பாவில் கிடந்த மாத்திரைக்கு அது சாட்சி சொல்லாது. வகை வேறுபாடும் இருக்கிறது. பாராசிட்டமால் மாத்திரை கெட்டியானது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரினோ ஈரம் பட்டால் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடையும். மூடியைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அதுதான் அறிகுறி. இப்படி மூக்குக்குத் தெரியும் மருந்துகள் மிகக் குறைவு. பார்க்க நன்றாக இருக்கிறது என்பது வீரியத்துக்கு அத்தாட்சியல்ல.

சிரப்பில் இரண்டு தேதிகள் உண்டு, ஒன்றுதான் அச்சாகியிருக்கும். குழந்தைகளுக்குத் தரும் அமாக்சிசிலின், கிளாவுலனேட் சேர்ந்த ஆன்டிபயாட்டிக் புட்டியில் தூளாக வருகிறது. லேபிளில் உள்ள தேதி அந்தத் தூளுக்கு மட்டுமே. கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடுவரை ஊற்றிக் குலுக்கிய நிமிடத்திலிருந்து ஃபிரிட்ஜில் ஏழு நாள்தான் அதன் ஆயுள். வெளியே வைத்தால் முதலில் சிதைவது கிளாவுலனேட். கிருமி அமாக்சிசிலினை உடைக்காமல் தடுப்பதே அதன் வேலை. எனவே அது போனால், எதிர்ப்புப் பழகிய கிருமியிடம் மீதி மருந்தும் தோற்கும். தண்ணீர் கலந்த நாளைப் பேனாவால் லேபிளிலேயே எழுதிவிட வேண்டும். மீந்ததை அடுத்த காய்ச்சலுக்கு என்று வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லலாம். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் மாத்திரையாகவும் சில ஆன்டிபயாட்டிக்குகள் கிடைக்கின்றன, கரைப்பது அந்தந்த வேளைக்குத்தான்.

எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாமே என்ற யோசனை மாத்திரைகளுக்குப் பொருந்தாது. குளிர்ந்த புட்டியை வெளியே எடுத்துத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படியும். தினமும் இப்படி நடந்தால் அடுப்படியில் வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லேபிள் கேட்கும் மருந்துக்கு மட்டுமே ஃபிரிட்ஜ். இன்சுலினையும் ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைய விட்டால் அது வீண். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் ஈர மணலில் மண்பானை வைத்து, உள்ளே காற்றுப் புகாத டப்பாவில் இன்சுலினை வைப்பது கோடையில் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வறண்ட காற்றில் நீர் வேகமாக ஆவியாகும். அடைமழைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவாகக் குளிராது. நல்லவேளையாக அப்போது வெயிலும் குறைவு.

தேதி கடந்த மருந்து பெரும்பாலும் நஞ்சாவதில்லை, வீரியம்தான் குறையும். அதனால் தேதி கடந்த தலைவலி மாத்திரையும், தேதி கடந்த வலிப்பு, தைராய்டு, இதய மருந்துகளும் ஒன்றல்ல. பின்னவற்றில் ஒரு நாளும் சலுகை கூடாது. பிரித்த ஆன்டிபயாட்டிக்கிலும் அப்படியே. நஞ்சாவதற்குப் பதிவான உதாரணம் டெட்ராசைக்ளின்: சிதைந்த பழைய மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 1963இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்த மாத்திரைகளைக் கெடுத்ததும் வெப்பமும் ஈரமும்தான்.