பற்று நோட்டைக் கணினிக் கணக்காக்குதல்

பற்று நோட்டு என்பது மளிகைக்கடை, காய்கறிக்கடை, டீக்கடை போன்ற சிறு கடைகளில் வாடிக்கையாளர்களுக்குக் கடனாகக் கொடுத்த சரக்கையும் அவர்கள் திருப்பித் தந்த பணத்தையும் கடைக்காரர் கைப்பட எழுதி வைக்கும் ஏடு. கடன் நோட்டு, அக்கவுண்ட் நோட்டு என்றும் சொல்வார்கள். இதன் பக்கங்களை வரிவரியாகக் கணினியில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் கொடுத்த கடன் எவ்வளவு, வந்த பணம் எவ்வளவு, நிற்கும் பாக்கி எவ்வளவு என்று பிரித்தெடுக்கும் வேலையைப் பற்றியது இக்கட்டுரை. பார்வைக்குத் தட்டச்சு வேலையாகத் தெரிந்தாலும் இதில் பெரும்பகுதி, ஒரு கோடோ புள்ளியோ என்ன பொருளில் போடப்பட்டது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலைதான்.

பற்றும் வரவும்

கடைக்கணக்கில் வாடிக்கையாளர் வாங்கிய சரக்கின் தொகை பற்று. அவர் கொடுத்த பணம் வரவு. பழைய பேரேடுகளில் இவற்றுக்குத் தனிக்குறிகளே உண்டு: பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. யூனிகோடில் இவற்றுக்கு இடம் இருப்பதால் பழைய ஏட்டில் உள்ளபடியே தட்டச்சு செய்ய முடியும். இன்றைய நோட்டுகளில் இக்குறிகளைக் காண்பது அரிது. பெயரும் தொகையும் மட்டும் இருந்தால் பற்று. ‘வரவு’ என்றோ ‘வ’ என்றோ ‘ஜிபே’ என்றோ பக்கத்தில் எழுதியிருந்தால் பணம் வந்தது. பொதுவாக எழுதாமல் விடப்படுவது பற்றுதான்.

கணினிக்குப் போகும்போது ஆங்கிலச் சொற்களால் ஒரு குழப்பம் வரும். கடனுக்கு விற்பதைப் பேச்சில் ‘கிரெடிட்’ என்கிறோம். கணக்குப்பதிவியலிலோ அந்த வரி வாடிக்கையாளர் கணக்கில் டெபிட். தட்டச்சு செய்பவர் ஒரு பொருளிலும் சரிபார்ப்பவர் மற்றொரு பொருளிலும் எடுத்துக்கொண்டால் முழு நோட்டும் தலைகீழாகும். அதனால் பத்தித்தலைப்பில் அவ்விரு சொற்களையும் தவிர்த்து, ‘கொடுத்தது’, ‘வந்தது’ என்று வைப்பதே நல்லது.

ஏற்றுவதற்கு முன்

முதல் வேலை பக்க எண் போடுவது. பெரும்பாலான நோட்டுகளில் எண் இருக்காது. பென்சிலால் மூலையில் எழுதிக்கொண்ட பிறகே படம் எடுக்க வேண்டும். நடுவில் செருகிய துண்டுச்சீட்டுகளுக்கும், அட்டையின் உட்புறத்தில் எழுதியவற்றுக்கும் எண் தேவை. அவசரத்தில் எழுதிய கடன்கள் அட்டையில்தான் அதிகம் கிடக்கும்.

அடுத்தது பெயர்கள். நோட்டில் ‘ஆட்டோ செல்வம்’, ‘மாடி வீட்டு அக்கா’, ‘3ஆம் நம்பர்’ என்றுதான் இருக்கும். மாடி வீட்டு அக்காவும் 3ஆம் நம்பரும் ஒருவரேயாக இருக்கலாம். செல்வம் என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கலாம். ஒவ்வொரு தலைப்புக்கும் முதலில் தனி எண் கொடுத்துவிட்டு, எது எதோடு சேரும் என்பதைப் பிறகு கடைக்காரரோடு உட்கார்ந்து முடிவு செய்வதே வழக்கம். ஐயம் இருந்தால் பிரித்தே வைக்க வேண்டும். பிரிந்து கிடக்கும் இரண்டு கணக்குகளை ஒரு நிமிடத்தில் சேர்த்துவிடலாம். கலந்துவிட்ட கணக்கைப் பிரிக்க நோட்டை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

தேதியில் ஆண்டு இருக்காது. ‘3/6’ என்பது ஜூன் 3. ஆண்டை முன்பின் பக்கங்களைக் கொண்டே நிரப்ப வேண்டும். சில பழைய கடைகளில் வைகாசி, ஆனி என்று தமிழ்த் தேதி போடுவார்கள். அந்த ஆண்டின் நாட்காட்டித் தாளில் இரண்டு தேதியும் இருக்கும் என்பதால் ஒப்பிடுவது எளிது.

ஒரு பக்கம்: எடுத்துக்காட்டு

மாதிரிக்கு ஒரு கற்பனைப் பக்கத்தைப் பார்ப்போம். பக்கம் 31, தலைப்பு ‘ஆட்டோ செல்வம்’. முதல் வரி ‘மு.பா 1240’, அதாவது முந்தைய பாக்கி. 3/6இல் அரிசியும் எண்ணெயும் 465. 5/6இல் 85. 8/6இல் வரவு 500, பக்கத்தில் செல்வத்தின் கையெழுத்து. 12/6இல் முட்டை, பால் 96. அதே தேதியில் சோப்பு 40, அந்த வரி அடிக்கப்பட்டிருக்கிறது. 17/6இல் 310. 20/6இல் ஜிபே 1000. 25/6இல் 178. கீழே கோடு போட்டு ‘பாக்கி 874’. இதைக் கணினியில் இப்படி ஏற்றலாம்:

```
page,line,cust,date,type,amount,sign
31,1,C014,,BF,1240,
31,2,C014,2024-06-03,G,465,
31,3,C014,2024-06-05,G,85,
31,4,C014,2024-06-08,R,500,Y
31,5,C014,2024-06-12,G,96,
31,6,C014,2024-06-12,X,40,
31,7,C014,2024-06-17,G,310,
31,8,C014,2024-06-20,R,1000,
31,9,C014,2024-06-25,G,178,
```

`G` கொடுத்தது, `R` வந்தது, `X` அடித்த வரி, `BF` முன்பக்கத்திலிருந்து கொண்டு வந்த பாக்கி. கொடுத்தது மொத்தம் 1134, வந்தது 1500. 1240 + 1134 − 1500 = 874. கடைக்காரர் எழுதிய பாக்கியோடு ஒத்துப்போகிறது. ஒருவருக்குக் கொடுத்த மொத்தத்தைப் பெற விரிதாளில் ஒரு வாய்பாடு போதும்:

```
=SUMIFS(F:F,C:C,"C014",E:E,"G")
```

இதில் அதிகக் கவனம் தேவைப்படுவது முதல் வரிக்கு. ‘மு.பா 1240’ புதுக்கடன் அல்ல. 30ஆம் பக்கத்தில் ஏற்கெனவே எழுதிய கடன்களின் மிச்சம். அதை `G` என்று போட்டாலும் இந்தப் பக்கத்தின் பாக்கி 874 என்றே வரும், தவறு கண்ணில் படாது. அடுத்த பக்கத்தின் தலையில் ‘மு.பா 874’ இருக்கும்; அதுவும் கடனாக ஏறும். பக்கந்தோறும் கணக்கு நேராக இருக்க, செல்வத்தின் மொத்தக் கடன் மட்டும் ஊதிக்கொண்டே போகும். ஆகவே கொண்டு வந்த பாக்கியை ஒருவரின் மொத்தக் கூட்டலில் ஒருபோதும் சேர்க்காமல், அந்தப் பக்கத்தின் பாக்கியைச் சரிபார்க்கவும் முந்தைய பக்கத்தின் கடைசிப் பாக்கியோடு ஒப்பிடவும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். நோட்டில் ஒவ்வொருவரின் முதல் பக்கம் மட்டும் விதிவிலக்கு. பழைய நோட்டு கையில் இல்லாதபோது அங்கே உள்ள முன்பாக்கியை `OB` என்ற வேறு குறியோடு தொடக்க இருப்பாகச் சேர்க்க வேண்டும்.

அடித்த வரியையும் ஏற்றுவது ஏன் என்று கேட்கலாம். சோப்பு திரும்பி வந்ததா, தவறி எழுதியதா, கையோடு காசு கொடுத்துவிட்டாரா என்பது கோட்டைப் பார்த்தால் தெரியாது. மூன்றாவது காரணமென்றால் 40 ரூபாய் கடனும் 40 ரூபாய் வரவும் நடந்திருக்கின்றன. பாக்கி மாறாது, மொத்தங்கள் மாறும். வரி பதிவில் இருந்தால்தான் பிறகு கேட்டுத் திருத்த முடியும்.

தவறைக் கண்டுபிடித்தல்

ஏற்றிய பக்கத்தின் பாக்கி 874க்குப் பதில் 814 என்று வந்தால் வித்தியாசம் 60. பத்தாம் தானத்தில் ஓர் இலக்கம் மட்டும் 6 அளவு பிசகியிருக்கலாம். கையெழுத்தில் அதற்கு வழக்கமான காரணம் 1–7 குழப்பம்: கடைசி வரியின் 178ஐ 118 என்று படித்திருக்கிறார்கள். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியதா என்று பார்க்க வேண்டும். 465ஐ 456 என்று அடித்தால் 9 குறையும். வித்தியாசத்தின் சரிபாதி ஏதாவது ஒரு வரியின் தொகையாக இருந்தால் அந்த வரி பக்கம் மாறியிருக்கலாம்.

இந்தச் சூத்திரங்களை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. பாக்கி 1874 என்று வந்தால் வித்தியாசம் 1000. ஜிபே 1000 விட்டுப்போயிருந்தாலும் அப்படி வரும். 500 ரூபாய் வரவைக் கடனாகப் போட்டிருந்தாலும் அப்படியே வரும். வரிகளை எண்ணினால் தெரிந்துவிடும்: நோட்டில் 9 வரி, ஏற்றியதில் 8 என்றால் விட்டுப்போயிருக்கிறது, 9 என்றால் பக்கம் மாறியிருக்கிறது. அதற்காகத்தான் `line` என்ற பத்தி. ‘மேற்படி’க்குப் போடும் ,, என்ற குறியை 11 என்று படிப்பதும், ‘அரிசி 5 – 260’ என்பதில் கிலோவைத் தொகையாக எடுப்பதும் அடிக்கடி நடப்பவை.

கடைக்காரரே தவறாகக் கூட்டியிருக்கவும் கூடும். நோட்டில் ‘பாக்கி 884’ என்று இருந்தால், ஏதோ ஒரு வரியை 10 ரூபாய் கூட்டி விடையை வரவழைக்கும் ஆசை தட்டச்சு செய்பவருக்கு வரும். செய்யவே கூடாதது அது. நோட்டில் உள்ள வரிகள் உள்ளபடியே இருக்கட்டும். கடைக்காரர் எழுதிய பாக்கிக்குத் தனி இடம், கணினி கண்ட பாக்கிக்குத் தனி இடம். எதைப் பிடித்துக்கொண்டு காசு கேட்பது என்பது கடைக்காரரும் வாடிக்கையாளரும் பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

எழுதப்படாத வரவு

வாடிக்கையாளர் மொத்தமாகக் கணக்கு முடிக்கும் நாளில் பல கடைக்காரர்கள் வரவு எழுதுவதே இல்லை. பக்கத்தின் குறுக்கே பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள், அல்லது ‘நேர்’ என்று எழுதுவார்கள். பார்ப்பவருக்குப் பக்கமே ரத்தானதுபோல் இருக்கும். அப்படி நினைத்து விட்டுவிட்டால் அந்த மாதக் கடனும் வரவும் சேர்ந்தே காணாமல் போகும். கடன்களை மட்டும் ஏற்றினால் தீர்ந்த கணக்கு பாக்கியாக நிற்கும். பாக்கிக்குச் சமமான வரவு வரி ஒன்றைச் சேர்த்து, அது நோட்டில் இல்லாத, ஊகித்த வரி என்று குறித்து வைக்க வேண்டும். தேதியைக் காலியாக விடலாம்; அடுத்த பக்கத்தின் முதல் தேதிக்கு முந்தையது என்பது மட்டுமே உறுதி. தள்ளுபடி செய்ததற்கும் சிலர் இதே குறியைப் போடுவதால் கேட்காமல் வரவு என்று முடிவுகட்டக் கூடாது.

அசல் நோட்டு

ஒழுங்காகப் பராமரித்த கணக்கேடு நீதிமன்றத்தில் பொருட்படுத்தத்தக்கது. ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவரைக் கடனாளியாக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 28ஆம் பிரிவும் மின்னணுக் கணக்குகளைச் சேர்த்து அதையே சொல்கிறது. தவணை குறிக்காமல் கடனுக்கு விற்ற சரக்கின் விலைக்கு, சரக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். இடையில் ஒரு பகுதி பணம் வந்தால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். ஆனால் பணம் கொடுத்ததற்கான குறிப்பு, கொடுத்தவரின் கையெழுத்திலோ அவரது ஒப்பத்தோடோ இருக்க வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. கடைக்காரர் தானே எழுதிய ‘வரவு 500’ இதற்குப் போதாது. மேலே `sign` என்ற பத்தியில் 8/6 வரிக்கு மட்டும் `Y` போட்டது இதற்காகத்தான். அந்தக் கையெழுத்து இருப்பது தாளில். ஏற்றி முடித்தபின் நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டால் `Y` என்ற எழுத்துதான் மிஞ்சும்.