விரிவுரையாளருக்கு எத்தனை புள்ளி? பதவியுயர்வு மதிப்பீட்டில் மாணவர் வழிகாட்டல் இடமிழந்த வரலாறு

1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விபுலானந்த அடிகள் பதவியேற்றபோது அவரிடம் கலாநிதிப் பட்டம் இல்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் இருந்தது. 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் பெற்ற பண்டிதர் பட்டம் இருந்தது. 'மதங்க சூளாமணி' வெளிவந்திருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931 முதல் சில ஆண்டுகள் பேராசிரியராக இருந்த அனுபவமும் இருந்தது. அவர் பெயரை நிலைநிறுத்திய 'யாழ் நூல்' அச்சில் வந்தது அவர் மறைந்த 1947 ஆம் ஆண்டில்தான். இன்றைய பதவியுயர்வுப் படிவம் ஒன்றில் 1943 இன் அடிகளாரைப் பதிவு செய்தால், வாழ்நாள் ஆய்வுக்கு எதிரே 'வெளிவரவில்லை' என்றே எழுத வேண்டியிருக்கும்.

காரைதீவில் பிறந்த அவரை மட்டக்களப்பார் தம்மவராகக் கொண்டாடுவதால் இந்த உதாரணத்தைக் காட்டி, அந்தக் காலமே நல்ல காலம் என்று சொல்லிவிடலாம். அது சரியாகாது. அன்றைய முறை, துறையறிந்த சிலர் ஒருவரை நேரடியாக அறிந்து தீர்ப்பளிக்கும் முறை. அந்தச் சிலரின் கண்ணில் பட்டவருக்கு அது நன்மை செய்தது. கொழும்புக்கும் சென்னைக்கும் எட்டாத ஊரில் பாடம் சொன்னவர் அந்தத் தீர்ப்புக்கே வர முடியவில்லை. மேலும் பேராசிரியர் பதவி ஒரு துறைக்கு ஒரு கதிரை என்று இருந்தது. கதிரையில் இருப்பவர் ஓய்வு பெறும் வரை, எவ்வளவு திறமையுள்ளவரும் காத்திருக்க வேண்டும். புள்ளி முறை பிறந்ததற்கு இந்த இரண்டு குறைகளும் காரணமாயின. திறமைக்கு ஓர் எண் கிடைத்தால், கதிரை காலியாகாமலே ஒருவரை உயர்த்தலாம். யாருக்கு வேண்டியவர் என்று கேட்காமலும் உயர்த்தலாம்.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை உருவாக்கியது. அதன்பின் நியமனமும் பதவியுயர்வும் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகளால் ஒழுங்குபடுத்தப்பட்டன. மட்டக்களப்புக்கு உயர்கல்வி வந்ததும் இக்காலத்தில்தான். 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. புதிய நிறுவனத்தில் இளம் விரிவுரையாளர்கள் பலர். அவர்களை எடைபோடத்தக்க மூத்தவர்கள் சிலர். இத்தகைய இடத்தில் வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளரும் எழுதப்பட்ட அளவுகோலும் இல்லாமல் முடியாது. பேரவைக்கும் மூதவைக்கும் கையில் ஒரு காகிதம் தேவைப்பட்டது.

அந்தக் காகிதத்தைத் தந்தவை 1997 இன் 723 ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் அதை மாற்றியமைத்த 2009 இன் 916 ஆம் இலக்கச் சுற்றறிக்கையும். இணைப்பேராசிரியர், பேராசிரியர் பதவிகளுக்கான உழைப்பை அவை மூன்று கூடைகளாகப் பிரித்தன: கற்பித்தலும் கல்விசார் மேம்பாடும், ஆய்வும் ஆக்கப் படைப்பும், அறிவைப் பரப்பலோடு பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றிய பணியும். இரண்டாவது கூடையில் ஆக்கப் படைப்பைச் சேர்த்தது முக்கியமானது. கூத்தும் ஓவியமும் இசையும் கற்பிக்கும் ஒருவருக்கு, மேடையேற்றமும் ஓர் உழைப்பாகக் கணக்கில் வர இது வழிவிட்டது. மட்டக்களப்பு போன்ற இடத்தில் இது சிறிய விடயமல்ல.

ஆனால் மாணவரை வழிநடத்தும் வேலைக்கென்று தனிக் கூடை இல்லை. அது மூன்றிலும் சிதறிப்போனது. இந்தச் சிதறல் எப்படி நடக்கிறது என்பதை எண்களோடு பார்க்க வேண்டுமானால், அக்கரையில் இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு 2010 இல் கொண்டுவந்த ஒழுங்குவிதி தெளிவான சான்று. தமிழ்நாட்டின் கல்லூரி ஆசிரியர்கள் இன்றும் ஏபிஐ என்றே அதைச் சொல்வார்கள். கற்பித்தலுக்கு ஆண்டுக்கு 125 புள்ளி உச்சம், 75 குறைந்தபட்சம். பாடத்திட்டத்துக்கு வெளியிலான மாணவர் செயற்பாடு, துறை நிர்வாகம், தொழில்சார் மேம்பாடு மூன்றும் சேர்ந்த இரண்டாம் பகுதிக்கு 50 உச்சம், 15 குறைந்தபட்சம். மூன்றாம் பகுதியான ஆய்வுக்கு உச்சமே வைக்கவில்லை, கூட்டிக்கொண்டே போகலாம்.

கற்பித்தலின் 125 எப்படி ஆனது என்று பிரித்துப் பார்த்தால் பிரச்சினை தெரியும். ஒதுக்கிய வகுப்புகளை எடுத்ததற்கு 50, விதித்ததற்கு மேலான வகுப்புகளுக்கு 10, பாடக் குறிப்பும் வாசிப்பும் ஆயத்தம் செய்ததற்கு 20, புதிய கற்பித்தல் முறைகளுக்கு 20, பரீட்சைக் கடமைகளுக்கு 25. வகுப்புக்குப் போனாரா என்பதற்குத்தான் பெரும் பங்கு. மாணவருக்கு விளங்கியதா என்பதற்கு இந்த ஐந்து வரிகளில் இடமில்லை. ஆசிரியரே தமக்குப் புள்ளி இட்டுக் கொடுப்பதால், 75 ஐ எட்டாதவர் அரிது. ஆகவே ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலை முழுக்க மூன்றாம் பகுதியின் தலையில் விழுந்தது.

வழிகாட்டலின் விலையும் இங்குதான் இரண்டாகப் பிளந்தது. ஒரு மாணவர் கலாநிதிப் பட்டம் பெற்றால் மேற்பார்வையாளருக்கு ஆய்வுப் பகுதியில் 10 புள்ளி, எம்ஃபில் பெற்றால் 3. இளநிலை மாணவரோடு செலவான மாலைகள் இரண்டாம் பகுதிக்குப் போயின. அங்கே மாணவர் செயற்பாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 20 தான் உச்சம். ஆனால் அறிஞர் மதிப்பீடு பெற்ற இதழில் ஒரே ஒரு கட்டுரைக்கு 15. முதுகலைப் பட்டமே இல்லாத சிறு ஊர்க் கல்லூரியில், கலாநிதி மாணவர் என்ற வாய்ப்பு விரிவுரையாளருக்குக் கிடைக்கவே போவதில்லை. அவருக்கு எஞ்சியது கட்டுரை ஒன்றுதான்.

இணையாசிரியர் விதி இதைவிட வினோதம். முதல் ஆசிரியரும் தொடர்பாளர் அல்லது மேற்பார்வையாளரும் மொத்தப் புள்ளியில் 60 விழுக்காட்டைச் சமமாகப் பகிர வேண்டும். மீதி 40 மற்றவர்களுக்கு. மூவர் எழுதிய 15 புள்ளிக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். உழைத்து எழுதிய முதல்வருக்கு 4.5, மேற்பார்வையாளருக்கு 4.5, மூன்றாவதாகப் பெயர் போட்டவருக்கு 6. கட்டுரையைத் தொடாதவருக்கே அதிகம் கிடைக்கும் கணக்கு! விதி எழுதியவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதும் விஞ்ஞானக் கட்டுரையை மனத்தில் வைத்திருந்திருக்கலாம். ஆனால் கலைத்துறையில் மூவர் சேர்ந்தாலே அந்த விதி தலைகீழாகிறது.

அதற்குப் பின் நடந்தது பலரும் அறிந்ததே. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. மானியக்குழு 2013 இல் உட்பிரிவுகளுக்கு வரம்பு போட்டது; 2016 இல் இருமுறை திருத்தியது; 2017 இல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலை வெளியிட்டு, மறு ஆண்டே அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2018 ஜூலை விதியில் கற்பித்தல் புள்ளிகளையே கைவிட்டு, எடுத்த வகுப்புகள் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்றால் 'நன்று', 70 க்குக் கீழ் என்றால் 'திருப்தியில்லை' என்று சுருக்கியது. நிர்வாகப் பொறுப்பு, பரீட்சைக் கடமை, மாணவர் செயற்பாடு, கருத்தரங்கு, கலாநிதி மாணவர் வழிகாட்டல், ஆய்வுத்திட்டம், கட்டுரை எனச் சிலவற்றை வரிசைப்படுத்தி, மூன்றில் பங்கேற்றால் 'நன்று' என்றது. ஒருவகையில் இது நேர்மையான பின்வாங்கல். அளக்க முடியாததை அளப்பதாகப் பாவனை செய்வதை விட்டது. ஆனால் மூன்று என்ற எண்ணிக்கை போதும் என்றாகும்போது, மாணவரைத் தொடாமலே மூன்றையும் தேர்ந்தெடுக்கலாம்.

கற்பித்தலை மாணவரிடமே கேட்டால் என்ன என்று தோன்றும். உலகில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1920களிலேயே மாணவர் விரிவுரையாளருக்குத் தரமிடும் அளவுகோல் உருவானது. அதன் பலவீனமும் பழையதே. 1970 இல் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்ற பெயரில் நிபுணராக மேடையேற்றி, பொருளில்லாத உரை ஒன்றை ஆற்றச் செய்தார்கள்; கேட்ட மருத்துவக் கல்வியாளர்கள் உயர்ந்த தரம் கொடுத்தார்கள். இங்கே இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சிறப்புப் பட்டத்தின் இறுதியாண்டு வகுப்பில் எட்டுப் பேர் இருந்தால், பின்னூட்டத் தாளில் பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து யாருடையது என்று விரிவுரையாளருக்குத் தெரியும். மாணவருக்கும் அது தெரியும். எட்டுத் தாளிலும் 'மிக நன்று' இருந்தால் அது மதிப்பீடல்ல; மரியாதை.

நமது பக்கத்து உதாரணத்துக்கு வருவோம். கொக்கட்டிச்சோலையைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, தன் ஊரின் கூத்து மரபை இறுதியாண்டு ஆய்வாக எடுத்தாள் என்று வைத்துக்கொள்வோம். படுவான்கரையில் வடமோடிக்கும் தென்மோடிக்கும் இன்றும் அண்ணாவிமார் இருக்கிறார்கள். தலைப்பைச் சுருக்க வேண்டும். எந்தக் களரி, எந்தக் கூத்து, எந்த ஏட்டுப்பிரதி என்று முடிவு செய்ய வேண்டும். அண்ணாவியாரிடம் எப்படிப் பேசுவது, பதிவுக் கருவியை எப்போது நிறுத்துவது என்று சொல்லித்தர வேண்டும். பிரதியின் பாடபேதத்தை அவள் 'பிழை' என்று திருத்திவிட்டால், அதை மீட்டு எழுதச் சொல்ல வேண்டும். மண்முனைப் பாலம் 2014 இல் திறப்பதற்கு முன் இதற்காக வாவியைத் துறையில் படகேறிக் கடந்தவர்கள் உண்டு. இத்தனைக்கும் பிறகு விரிவுரையாளரின் விண்ணப்பத்தில் அது 'மேற்பார்வை செய்த இளநிலை ஆய்வுகள்' பட்டியலில் ஒரு வரி. கையெழுத்து மட்டும் போட்ட இன்னொரு ஆய்வுக்கும் அதே ஒரு வரிதான்.

ஒரு வரியைப் பெருக்குவதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. மாணவியின் ஆய்வைச் சுருக்கி, விரிவுரையாளர் தன் பெயரை முதலில் இட்டு, கருத்தரங்கு ஒன்றில் கட்டுரையாக வாசித்துவிடலாம். அப்போது வழிகாட்டல் ஆய்வாகிப் புள்ளி பெறும். இது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒருவரின் வெளியீட்டுப் பட்டியலையும், முந்தைய ஆண்டு அவரிடம் மாணவர்கள் ஒப்படைத்த ஆய்வுத் தலைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். கூட்டாக எழுதுவது தவறல்ல. மாணவியின் பெயர் எங்கே என்பதுதான் கேள்வி.

நிர்வாகக் கடமைக்கும் இதே கதிதான். துறைத்தலைவர், பீடாதிபதி, மாணவ ஆலோசகர், விடுதிக் காப்பாளர் என்று பதவிப் பெயர் உள்ளவை படிவத்தில் ஏறும். 1990 இல் வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமாகியது. அங்கு தஞ்சமடைந்தோரிலிருந்து செப்டெம்பர் 5 ஆம் நாள் 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அந்த முகாமை நடத்த உதவியவர்களுள் பல்கலைக்கழக ஆசிரியர்களும் இருந்தார்கள். பிடித்துச் செல்லப்பட்டோர் பற்றிப் பின்னாளில் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னவர்களும் அவர்களில் உண்டு. எந்தப் பதவியுயர்வுப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் அதை எழுதுவது? கட்டம் இல்லை என்பது படிவத்தின் குற்றமல்ல. கட்டத்தில் அடங்கியதே கடமை என்று பின்வந்தோர் எண்ணத் தொடங்கியதுதான் குற்றம்.

எண்களைத் தூக்கியெறிந்துவிட்டு 1943 க்குத் திரும்பலாம் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. திரும்பினால் அதில் முதலில் நசுங்குபவர் கிழக்கின் இளம் விரிவுரையாளர். ஆனால் ஒரு மாற்றம் இப்போதே செய்யத்தக்கது. ஆய்வுக் கட்டுரையை வெளி மதிப்பீட்டாளர் படிப்பது போல, விண்ணப்பித்தவர் வழிகாட்டிய இளநிலை ஆய்வுகளில் இரண்டையும் குலுக்கல் முறையில் எடுத்து, முதல் வரைவோடும் திருத்தங்களோடும் அந்த மதிப்பீட்டாளருக்கு அனுப்ப வேண்டும். பட்டம் பெற்று வெளியேறிய, இனிப் பெறுபேற்றுக்கு அஞ்சத் தேவையில்லாத மாணவர் இருவரிடம் எழுத்துமூலம் கருத்துக் கேட்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. அடுத்த சுற்றறிக்கையை எழுதப்போகிறவர்கள் வழிகாட்டலுக்கென்று ஒரு கட்டத்தைத் திறந்து, இந்த இரண்டையும் அதில் சேர்க்கட்டும்.